கோடைக்கு முன் ஏசி சேர்விஸ்: அறை குளிர்வது வேறு, மின்கட்டணப் பட்டியல் குறைவது வேறு

மாத்தளைத் திருத்துநர்

அனைவருக்கும் வணக்கம். மாத்தளை, வத்தேகம, கட்டுகஸ்தோட்டை, கண்டி, கம்பளைப் பகுதிகளில் உள்ள வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும், சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முடிக்கக் கூடிய வகையில், ஏசி சேர்விஸ் முன்பதிவை இன்று தொடங்குகிறேன். மார்ச்சில் காற்று நின்றுபோய், ஏப்ரல் முற்பாதியில் சூரியன் நம் தலைக்கு நேரே வரும்போது எல்லோரும் ஒரே வாரத்தில் அழைக்கிறார்கள். அப்போது அவசரமாகச் செய்யும் வேலையில் எனக்கே திருப்தி இருப்பதில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

சுவரில் மாட்டும் 18,000 பிடியு வரையிலான ஏசி ஒன்றுக்கு 5,000 ரூபா. உட்பெட்டியின் மூடியைக் கழற்றி, கொயிலையும், காற்றைத் தள்ளும் நீண்ட உருளை விசிறியையும், தண்ணீர்த் தட்டையும், வடிகுழாயையும் கழுவுவேன். வெளிப்பெட்டியின் கொயிலைத் தகடுகள் மடியாத அளவு அழுத்தத்தில் கழுவுவேன். மின் இணைப்புத் திருகுகளை இறுக்கிப் பார்ப்பேன். பில்டரைக் கழுவுவதற்கு மட்டும் தயவுசெய்து என்னை அழைக்க வேண்டாம். மூடியைத் தூக்கினால் அது கையோடு வரும். மாதம் ஒருமுறை தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, நீங்களே மாட்டிவிடலாம்.

இந்த விலையில் கேஸ் இல்லை. கேஸ் குறைந்திருப்பதற்கான அடையாளம் கண்ணில் பட்டாலொழிய அழுத்தமானியைக் கூட மாட்ட மாட்டேன்.

பட்டியல் குறையும் என்று எல்லோருக்கும் வாக்குறுதி தர மாட்டேன். சிலருக்குக் குறையும், சிலருக்கு அறை நன்றாகக் குளிரும், ஆனால் பட்டியல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நீங்கள் எந்த வகை என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்ல முயல்வேன். ஐயங்களை இங்கேயே கேளுங்கள்.

பதுளை ராஜா

அண்ணா, விவரமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் இரண்டு விடயங்களில் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, ஏசிக்கு வருடத்திற்கு ஒருமுறை கேஸ் சேர்க்கத்தான் வேண்டும். மோட்டார் வாகனத்திற்கு எண்ணெய் மாற்றுவது போலத்தான் இதுவும். எங்கள் வீட்டுக்கு வருபவர் ஒவ்வொரு வருடமும் சேர்க்கிறார், குளிர் குறைந்ததே இல்லை. இரண்டாவது, வேலை சரியாக நடந்ததா என்று அறிவது மிக எளிது. கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்தால், சேர்விஸ் செய்த பின் அம்பியர் குறைந்திருக்க வேண்டும். காற்று வரும் வாயில் வெப்பமானியை வைத்தால், அறையை விடப் பத்துப் பாகை குறைவாகக் காட்ட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் பணம் வீண் போகவில்லை. இதில் வேறென்ன மர்மம் இருக்கிறது?

மாத்தளைத் திருத்துநர்

ராஜா தம்பி, நீங்கள் சொல்லும் இரண்டு கருவிகளும் என் பையில் இருக்கின்றன. ஆனால் அவற்றை மட்டும் நம்பி நானே ஏமாந்திருக்கிறேன்.

முதலில் கேஸைப் பார்ப்போம். எண்ணெய் தேய்ந்து கருத்துப் போகும். கேஸ் அப்படிச் செலவாவதில்லை. அது மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் பொருள். பொருத்திய நாளில் இருந்த எடை, ஒழுக்கு இல்லாவிட்டால், பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். வருடந்தோறும் உண்மையிலேயே குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, அதைத் திருத்த வேண்டும். குறையவில்லை என்றால், தேவைக்கு மேல் ஊற்றுகிறார்கள், அது கொம்பிரசருக்குச் சுமை. தேவையில்லாமல் அழுத்தமானியை மாட்டிக் கழற்றும்போதும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு கேஸ் வெளியேறும். நான் அதை மாட்டத் தயங்குவதற்கு அதுவே காரணம்.

அடுத்தது அம்பியர். வெளிப்பெட்டியின் கொயிலில் தூசி அடைத்தால் சூடு வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறி அம்பியரும் கூடும், கழுவினால் குறையும். அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் கேஸ் குறைந்த ஏசியிலும் அம்பியர் குறைவாகவே காட்டும், ஏனெனில் கொம்பிரசர் தள்ளுவதற்கு அதில் பொருளே போதாது. அந்த ஏசி குறைந்த மின்சாரத்தில், பாதிக் குளிரோடு, நிற்காமல் விடியும்வரை ஓடும். மாத முடிவில் பட்டியல் கூடித்தான் வரும்.

வெப்பமானியும் இதே போலத்தான் ஏமாற்றும். உட்பெட்டியின் உருளை விசிறியில் அழுக்குப் படிந்தால் காற்று குறையும். குறைந்த காற்று குளிர்ந்த கொயிலில் அதிக நேரம் தங்குவதால் இன்னும் குளிர்ந்து வரும். வாயில் கையை வைத்தால் ஐஸ் போல இருக்கும், கட்டிலில் படுத்திருப்பவருக்கு எதுவும் எட்டாது. போன மாதம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் மூடியைக் கழற்றியபோது, அந்த உருளையின் ஒவ்வொரு மெல்லிய தகட்டின் குழிவிலும் ஈரத் தூசி சாம்பல் நிறக் கம்பளி போல இறுகி, குழிவே தெரியாமல் நிரம்பியிருந்தது. கழுவுமுன் வாயில் 12 பாகை. கழுவிய பின் 14 பாகை. வெப்பமானியை மட்டும் பார்த்தால் நான் ஏசியைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முன்பு அசையாதிருந்த எதிர்ச் சுவர்த் திரைச்சீலை கழுவிய பின் ஆடியது.

கம்பளை ஆசிரியை

ஐயா, நான் போன வருடம் ஒருவரை வைத்துச் சேர்விஸ் செய்தேன். சேர்விஸுக்குத் தனியாகவும் கேஸுக்குத் தனியாகவும் பணம் வாங்கிக்கொண்டு, பட்டியல் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு மாதமும் பட்டியலில் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது நீங்களோ அம்பியரையும் நம்பாதீர்கள், வெப்பமானியையும் நம்பாதீர்கள் என்கிறீர்கள். அப்படியானால் கருவிகளைப் பற்றி ஒன்றும் அறியாத என்னைப் போன்றவர்கள் எதை வைத்துத்தான் நம்புவது? வீட்டிலேயே, யாரையும் கேட்காமல், நானாகச் சரிபார்க்கக் கூடிய வழி ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.

மாத்தளைத் திருத்துநர்

இருக்கிறது, டீச்சர். அதற்கான கருவி உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மின்மானியில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். அதற்குப் பக்கத்தில் `1600 imp/kWh` என்பது போல ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த விளக்கு 1,600 தடவை மின்னினால் ஒரு யுனிட் செலவாகிவிட்டது என்று பொருள். உங்கள் மானியில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவில், குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் சற்று நேரம் நிறுத்திவிட்டு, ஏசியை மட்டும் விடுங்கள். கொம்பிரசர் ஓடும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மின்னல் என்று எண்ணுங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, கொம்பிரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் ஓய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வின்போது மின்னல் ஏறக்குறைய நின்றுவிடுவதால், வெளிப்பெட்டியின் சத்தம் கேட்காவிட்டாலும் அது தெரியும்.

நான் மேலே சொன்ன கட்டுகஸ்தோட்டை வீட்டையே எடுத்துக்கொள்வோம். 12,000 பிடியு, இன்வேர்ட்டர் இல்லாத பழைய வகை. 26 பாகையில் வைத்து இரவு எட்டு மணி நேரம் பாவிக்கிறார்கள். கழுவுமுன் நிமிடத்துக்கு 29 மின்னல். மணிக்கு 1,740 மின்னல். அதை 1,600ஆல் வகுத்தால், தொடர்ந்து ஓடினால் மணிக்குச் சுமார் 1.09 யுனிட். ஆனால் அது 20 நிமிடம் ஓடி 4 நிமிடம் ஓய்ந்தது. அதாவது ஆறில் ஐந்து பங்கு நேரம் ஓடியது. எட்டு மணி நேரத்துக்கு 7.25 யுனிட்.

கழுவிய பின் நிமிடத்துக்கு 27 மின்னல். வெளிக் கொயில் சுத்தமானதால் கிடைத்தது இவ்வளவுதான், இரண்டே மின்னல். பெரிய மாற்றம் ஓய்வில்தான் இருந்தது: 15 நிமிடம் ஓட்டம், 7 நிமிடம் ஓய்வு. இரவுக்கு 5.5 யுனிட். உட்பெட்டியிலிருந்து காற்று தாராளமாக வந்ததால் அறை விரைவாக 26 பாகையைத் தொட்டு, கொம்பிரசர் கட் ஆகிறது. மிச்சம் உண்டாவது அந்த ஓய்வு நிமிடங்களில்தான்.

மிச்சம் மாதத்துக்கு 50 யுனிட் அளவு என்றால் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், நாம் கடைசியாகச் செலவழிக்கும் யுனிட்டுகளுக்கே அதிக விலை. குறையும் 50 யுனிட்டும் அந்த விலை உயர்ந்த முனையிலிருந்துதான் கழியும். 180 யுனிட்டைத் தாண்டிக்கொண்டிருந்தவர் அதற்குக் கீழே இறங்கினால் நிலையான கட்டணமும் இறங்கும். விலைகள் அடிக்கடி மாற்றப்படுவதால் ரூபாக் கணக்கை நான் சொல்லவில்லை; உங்கள் கடைசிப் பட்டியலின் பின்பகுதியை வைத்து நீங்களே பார்க்கலாம்.

கம்பளை ஆசிரியை

கணக்கு விளங்குகிறது. பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிப்பவள் என்பதால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கழுவுமுன் அளந்த இரவும் கழுவிய பின் அளந்த இரவும் ஒரே மாதிரியான இரவுகளா? கண்டிப் பக்கம் பின்னேரம் ஒரு மழை பெய்தால், ஏசியே போடாமலும் அறை குளிர்ந்துவிடுகிறதே?

மாத்தளைத் திருத்துநர்

மிகச் சரியான கேள்வி. இரண்டாவது இரவில் பின்னேரம் இடியோடு மழை பெய்திருந்தது. எனக்கும் அது உறுத்தியதால், மூன்று நாள் கழித்து மழையில்லாத ஓர் இரவில் வீட்டுக்காரரையே மறுபடி எண்ணச் சொன்னேன். மின்னல் 27தான், ஓட்டம் 16, ஓய்வு 7. இரவுக்கு 5.6 யுனிட். ஆகவே மழையின் பங்கு சிறிதளவு இருந்தது. மீதி கழுவியதன் பலன். ஆனாலும் மூன்று இரவுகள் மூன்று இரவுகள்தான். மார்ச் முழுவதும் இதே விகிதம் நிற்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன். அந்த ஏசி மூன்று வருடமாகக் கழுவப்படாதது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போன வருடம் ஒழுங்காகக் கழுவிய ஏசியில் இவ்வளவு மிச்சம் வராது.

நுவரெலியா விடுதி

வணக்கம். கோடைக்கு முன் சேர்விஸ் என்கிறீர்கள். எங்களுக்கு ஏப்ரலில்தான் பருவகாலமும் விருந்தினர் கூட்டமும். ஆனால் எங்கள் ஏசிகளைச் சூடாக்குவதற்கே பாவிக்கிறோம், ஆகவே இந்தச் சேர்விஸ் எங்களுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. ஜனவரி இரவுகளில் வெளிப்பெட்டியின் கொயிலில் வெள்ளையாகப் பனி படிகிறது. இடையிடையே உள்விசிறி நின்று ஐந்து, பத்து நிமிடம் சூடே வருவதில்லை. விருந்தினர்கள் குறை சொல்கிறார்கள். கேஸ் போய்விட்டது, நிரப்ப வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உங்கள் 5,000 ரூபாவில் அதுவும் அடங்குமா?

மாத்தளைத் திருத்துநர்

ஐயா, நுவரெலியா என் சுற்றுக்குள் இல்லை. இருந்தாலும் கேஸுக்குப் பணம் கொடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சூடாக்கும்போது வெளிப்பெட்டியின் கொயில்தான் குளிரும் பக்கம். ஈரமான குளிர் இரவில் அதில் பனி படிவது இயல்பு. அதை உருக்குவதற்காக ஏசி தானே சில நிமிடம் திசை மாறி ஓடும், அப்போது அறைக்குள் குளிர்காற்று வீசாதபடி உள்விசிறியை நிறுத்திவைக்கும். உருகி முடிந்ததும் கொயில் முழுவதும் சுத்தமாகித் தண்ணீர் வடிந்தால் அது நோயல்ல. ஒரு மூலையில் மட்டும் தடித்த பனிக்கட்டி விடியும்வரை உருகாமல் நின்றால்தான் ஆளை அழையுங்கள். கொயிலில் தூசி இருந்தால் பனி விரைவாகக் கட்டும் என்பதால் கழுவுவது உங்களுக்கும் பயன் தரும், ஆனால் அது டிசம்பருக்கு முன் செய்ய வேண்டிய வேலை.

திருகோணமலை வீதிக் கடை

நானும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். கண்டியில் எனக்கு ஒரு சிறிய புடவைக் கடை. மேலே கொங்கிரீட் தட்டு, முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, கதவு திறந்து மூடியபடியே இருக்கும். போன மார்ச்சில் ஒருவரை வைத்து ஏசியைக் கழுவினேன். வேலை நேர்த்தியாகவே இருந்தது. அதற்கு முன் பிற்பகல் இரண்டு மணிக்கு 30 பாகை காட்டிய கடை 27க்கு இறங்கியது. ஆனால் பட்டியல் குறையவில்லை. நான் ஏமாற்றப்பட்டேன் என்றே இதுவரை நினைத்திருந்தேன். டீச்சருக்கும் இதுதான் நடந்திருக்குமோ?

மாத்தளைத் திருத்துநர்

நீங்கள் ஏமாற்றப்படவில்லை. நான் முதலில் சொன்ன இரண்டாவது வகை நீங்கள். உங்கள் ஏசியை 24 பாகையில் வைத்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கழுவுமுன் கடை 30, ஆகவே கொம்பிரசர் ஓயவேயில்லை. கழுவிய பின் கடை 27. அப்போதும் 24ஐத் தொடவில்லை, ஆகவே அப்போதும் ஓயவில்லை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை முன்பும் ஓடியது, பின்பும் ஓடியது. கழுவியதால் வந்த கூடுதல் குளிர் முழுவதும் அறைக்குப் போய்விட்டது, பட்டியலுக்கு மிஞ்சவில்லை.

இதைப் பணமாக மாற்ற விரும்பினால், ஏசியை 27இல் வைத்து, கூரை விசிறியையும் போட்டு, அது கட் ஆகிறதா என்று பாருங்கள். கட் ஆகவில்லை என்றால் அடுத்த செலவை சேர்விஸில் போடாமல், கொங்கிரீட் தட்டின் மேல் நிழலுக்கும் கண்ணாடிக்கு வெளியே ஒரு தாழ்வாரத்துக்கும் போடுங்கள்.

பதுளை ராஜா

அண்ணா, கேஸ் விடயத்தில் என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் என் ஏசி இன்வேர்ட்டர். மின்னலை எண்ணிப் பார்த்தேன். முதலில் 24, பிறகு 11, பிறகு 7 என்று மாறிக்கொண்டே போகிறது, ஓய்வென்று ஒன்று இல்லை. இதை எப்படிக் கணக்கிடுவது?

மாத்தளைத் திருத்துநர்

இன்வேர்ட்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, தம்பி. அது நிற்பதற்குப் பதிலாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. படுக்கப் போகும்போது மானியின் எண்ணைக் குறித்து, காலையில் மறுபடி குறித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள்; குளிர்சாதனப் பெட்டியின் செலவு இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் ஒப்பிடுவதற்கு அது தடையாகாது. ஏசி சுத்தமாக இருந்தால் அரை மணி நேரத்தில் 7க்கு இறங்கும். அழுக்காக இருந்தால் நள்ளிரவு வரை 15இலேயே நிற்கும். எண்களைவிட அந்த இறக்கத்தைப் பாருங்கள்.

பண்டாரவளை வாசகி

எங்கள் வீட்டு ஏசியில் உண்மையிலேயே கேஸ் குறைகிறது. ஒவ்வொரு பத்து மாதத்துக்கும் ஒருமுறை மெல்லிய குழாயில் ஐஸ் கட்டுகிறது, கேஸ் நிரப்பினால் போய்விடுகிறது. மூன்று பேர் சோப்பு நுரை போட்டுப் பார்த்தும் ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்கவில்லை. புதியது வாங்குவதா, தேடிக்கொண்டே இருப்பதா?

மாத்தளைத் திருத்துநர்

அக்கா, முதலில் வெளிப்பெட்டியின் பக்கத்தில் குழாயைப் பொருத்தும் பித்தளை நட்டுகளின் மேல் சுற்றியிருக்கும் பஞ்சுறையை விலக்கிப் பாருங்கள். கேஸோடு சேர்ந்து எண்ணெயும் கசிவதால், ஒழுகும் நட்டில் தூசி ஒட்டிக் கருப்பாகப் பிசுபிசுக்கும். அங்கே காய்ந்து சுத்தமாக இருந்தால், கேஸை மீட்டெடுத்துவிட்டு நைதரசனை அழுத்தத்தோடு ஏற்றி, ஓர் இரவு மூடிவைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து மாதத்தில் குறையும் சிறு ஒழுக்கு ஓர் இரவில் தெரியாமலும் போகலாம். உட்கொயிலிலேயே அரிப்பு இருந்தால் கொயிலின் விலை புதிய ஏசியின் விலையை நெருங்கிவிடும். நேரில் பாராமல் எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கம்பளை ஆசிரியை

நேற்றிரவு எண்ணிப் பார்த்தேன். என் ஏசி 12,000 பிடியு, இன்வேர்ட்டர் அல்ல, மானி 1600தான். நிமிடத்துக்கு 31 மின்னல். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒரு தடவை கூட ஓயவில்லை, இத்தனைக்கும் 26இல்தான் வைத்திருந்தேன். போன வருடம்தான் கழுவியது. வெளிப்பெட்டி வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கிறது. மழை படக்கூடாது என்று அதற்கு முன்னாலும் மேலும் தகரம் அடித்திருக்கிறோம்.

மாத்தளைத் திருத்துநர்

டீச்சர், முன்பதிவுக்கு முன் அந்த முன்பக்கத் தகரத்தைக் கழற்றிவிட்டு மறுபடி எண்ணுங்கள். வெளிப்பெட்டி தள்ளும் சூடான காற்று தகரத்தில் பட்டுத் திரும்பி, அதே பெட்டியின் முதுகுக்குள் போகிறது என்று ஐயப்படுகிறேன். அந்தப் பெட்டி மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்டது.

கம்பளை ஆசிரியை

மகன் முன்தகரத்தைக் கழற்றினான். இன்று 28 மின்னல்; 40 நிமிடம் ஓடி 5 நிமிடம் ஓய்ந்தது. போன வருடம் வந்தவர் அந்தத் தகரத்தைத் தாண்டித்தான் உள்ளே கையை விட்டு வேலை செய்தார். மேல்தகரத்தை ஞாயிறன்று கழற்றுகிறோம். உட்பெட்டியைக் கழுவ அடுத்த சனிக்கிழமை காலை வர முடியுமா? அதற்கு முந்தைய இரண்டு இரவுகளின் எண்ணிக்கையை எழுதி வைக்கிறேன்.

மாத்தளைத் திருத்துநர்

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறேன். அந்த இரண்டு இரவுகளில் மழை பெய்ததா என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.